வாசலைத் தாண்டி வரும் நெருக்கடி

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைப்பளுவைக் கணக்கிட அவர்களைக் கேட்கவே வேண்டாம். அன்று அந்த நிலையத்தில் எத்தனை விமானங்கள் வந்து போயின, வானம் தெளிவாக இருந்ததா, மூட்டமாக இருந்ததா என்பதெல்லாம் பதிவேட்டிலேயே இருக்கும். அமெரிக்க உளவியலாளர் ரீனா ரெப்பெட்டி அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு, அதே நாள் மாலையில் அந்த ஊழியர்கள் வீட்டில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதோடு பொருத்திப் பார்த்தார். அவருடைய ஆய்வுக் கட்டுரை 1989இல் வெளிவந்தது. விமானங்கள் நெருக்கியடித்த நாள்களில், பார்வைக்கு எதுவும் சரியாகத் தெரியாத நாள்களில், அந்த மனிதர்கள் வீட்டுக்கு வந்து பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். மனைவி ஆதரவாக இருந்த வீடுகளில் அந்த ஒதுங்கலுக்கு இடம் கிடைத்தது.

ஓடுபாதைக்கு மேலே கவிந்த மேகத்துக்கும் வீட்டுக் கூடத்தில் நிலவிய மௌனத்துக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் வீட்டில் இருப்பவருக்கு மேகம் தெரியாது, முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற ஆள்தான் தெரிவார். அவர் கேட்கும் கேள்வியும் அதற்கேற்ப அமையும்: “நான் என்ன தப்பு பண்ணினேன்?”

மணவாழ்க்கை ஆராய்ச்சி வெகுகாலம் வீட்டுக்குள்ளேயேதான் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தது. இருவருடைய சுபாவம் எப்படி, சண்டை எப்படிப் போடுகிறார்கள், யார் விட்டுக்கொடுக்கிறார்கள் என்றே பார்த்தார்கள். சுவிட்சர்லாந்தின் கீ போடன்மான் 1990களில் கேள்வியை வாசலுக்கு வெளியே நகர்த்தினார். முதலில் ஃப்ரீபூர், பிறகு சூரிச் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், ஒருவர் வெளியிலிருந்து சுமந்துவரும் நெருக்கடியை இருவரும் சேர்ந்து என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார். இதை ‘தம்பதி சமாளிப்பு’ என்று சொல்லலாம். ஒருவர் தன் நெருக்கடியைச் சொல்லியோ காட்டியோ வெளிப்படுத்துகிறார். மற்றவர் அதை உணர்ந்தோ உணராமலோ ஏதோ ஒன்று செய்கிறார். அந்த ஏதோ ஒன்றில்தான் போடன்மானின் ஆய்வு முழுவதும் இருக்கிறது.

அவர் கவனத்தை ஈர்த்தவை பெரிய இடிகள் அல்ல. மரணம், பெருநோய், வேலை பறிபோவது போன்றவற்றுக்கு ஒரு பெயர் இருக்கிறது. உறவினர் வருவார்கள், அலுவலகம் விடுப்புக் கொடுக்கும், கணவன் மனைவியும் கொஞ்சம் நிதானமாக நடந்துகொள்வார்கள். தினசரிச் சில்லறை நெருக்கடிகளுக்கு அப்படி யாரும் வருவதில்லை. மேலதிகாரியின் ஒரு சொல், தவறிப்போன பஸ், பள்ளியிலிருந்து வந்த புகார், முதுகுவலி என்று அவை பெயரில்லாமல் சேர்கின்றன. இருவரும் சேர்ந்து இருக்கும் நேரத்தைக் குறைக்கின்றன, பேச்சின் தரத்தைக் குறைக்கின்றன, உடம்பையும் கெடுக்கின்றன. ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தபின் இருவரும் ஒருவருக்கொருவர் அந்நியர் ஆகிப்போனார்கள் என்று தெரியவரும்போது, காரணம் எது என்று கைகாட்ட ஒரு சம்பவம்கூட இருக்காது.

புதுமணத் தம்பதிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த லிசா நெஃப், பெஞ்சமின் கார்னி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதன் உள்வழியைக் காட்டினார்கள். வெளி நெருக்கடி குறைவாக இருக்கும் காலத்தில், “அவருக்கு இன்று அசதி, அதனால்தான் இப்படிப் பேசுகிறார்” என்று மன்னிக்கிற அதே மனைவி, நெருக்கடி மிகுந்த காலத்தில் “அவர் குணமே இப்படித்தான்” என்கிறார். கணவனும் அப்படியே. துணையின் நடத்தைக்குச் சாதகமான விளக்கம் தேட மனத்துக்குத் தெம்பு வேண்டும், அந்தத் தெம்பை வெளியுலகம் உறிஞ்சிவிட்டிருக்கிறது. அன்பு குறைந்ததால் மட்டும் வீட்டில் பழி சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம் என்று நினைக்கிறேன்.

துணை செய்கிற ‘ஏதோ ஒன்று’ பல வகை. ஆறுதலாகக் கேட்பது, சேர்ந்து வழி யோசிப்பது, அவர் தலையிலிருக்கும் ஒரு வேலையைத் தான் எடுத்துச் செய்வது ஆகியவை ஒரு பக்கம். மகன் படிப்பு, வீட்டுக்கடன் போல நெருக்கடி இருவருக்கும் பொது என்றால் இருவரும் அதன் முன் ஒன்றாக உட்கார்வது இன்னொரு வகை. கெடுக்கிற வகைகளும் உண்டு. கேலி செய்வது எல்லாருக்கும் தெரிந்தது. முணுமுணுத்துக்கொண்டே உதவுவது இரண்டாவது. மூன்றாவதுதான் இன்று அதிகம் நடப்பது: கண் கைப்பேசியில் இருக்க, வாய் மட்டும் “ம்... ம்...” என்று சொல்லிக்கொண்டிருப்பது. இதைச் செய்பவர் தான் கேட்டதாகவே நம்புவார்.

இவற்றை அளக்க போடன்மான் உருவாக்கிய வினாப்பட்டியலில் 37 கேள்விகள். நெருக்கடி வரும்போது நான் என்ன செய்கிறேன், துணை என்ன செய்கிறார், இருவரும் சேர்ந்து என்ன செய்கிறோம் என்று மூன்று பக்கமும் கேட்கும். இப்படி அளந்த ஆய்வுகளை மரியானா ஃபால்கோனியரும் போடன்மானும் சக ஆய்வாளர்களும் 2015இல் ஒன்றுதிரட்டினார்கள். 72 குழுக்கள், 17,856 பேர். தம்பதி சமாளிப்புக்கும் மணவாழ்வுத் திருப்திக்கும் இடையிலான தொடர்பு 0.45 என்று வந்தது. வீட்டுக்கு வீடு திருப்தி வேறுபடுகிறதே, அந்த வேறுபாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதோடு சேர்ந்து போகிறது என்பது அதன் பொருள். மனித உறவுகளை அளக்கும் துறையில் ஒற்றை விஷயத்துக்கு இது பெரிய அளவு. வயது, கல்வி, மணமாகி எத்தனை ஆண்டு, ஆணா பெண்ணா என்று பிரித்துப் பார்த்தபோதும் தொடர்பு நின்றது.

அந்தத் தொகுப்பில் என்னை நிறுத்திய முடிவு வேறொன்று. ‘நான் என் துணைக்கு எவ்வளவு செய்கிறேன்’ என்ற கணக்கைவிட, ‘என் துணை எனக்கு என்ன செய்கிறார், நாங்கள் சேர்ந்து என்ன செய்கிறோம்’ என்று ஒருவர் உணர்வதுதான் அவருடைய திருப்தியோடு கூடுதலாக ஒட்டியிருந்தது. ஆக, செய்த உதவி போய்ச் சேர்ந்ததா என்பது பெரிய கேள்வி. பெரும்பாலும் சேருவதில்லை. ஏன் சேருவதில்லை என்று பார்க்க ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம்.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் கணவர் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர், வயது நாற்பத்திரண்டு. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. ஒரு நாள் பையரின் ஆள் வந்து சோதித்து, அளவுச் சீட்டு மாறி ஒட்டப்பட்டதைக் கண்டுபிடித்து, ஒரு லாட் முழுவதையும் நிறுத்திவிடுகிறார். இரவு ஒன்பதரைக்கு வீட்டுக்கு வரும் கணவர், டிவி சத்தத்துக்காகப் பையனைத் திட்டுகிறார், தட்டை நகர்த்திவைக்கிறார்.

“ஏனுங்க, கம்பெனில ஏதாச்சுமா?”

“ஒண்ணுமில்ல, விடு.”

இரண்டு மூன்று முறை கேட்டபின், “ஷிப்மெண்ட் நின்னுபோச்சு” என்று ஒரு வரி வருகிறது. மனைவிக்கு அக்கறை இருக்கிறது, அதனால் உடனே சொல்கிறார்: “அந்தக் கம்பெனியே வேண்டாமுங்க. வேற எடம் பாருங்க. எங்க அண்ணன்கிட்ட சொல்லட்டுமா?” கணவர் எழுந்துபோய்ப் படுத்துவிடுகிறார். நல்ல மனத்தோடு சொல்லப்பட்ட யோசனைதான். ஆனால் இந்த மாலை இருவரும் தோற்ற மாலை. மனைவி, “எது சொன்னாலும் இவருக்குப் பிடிக்காது” என்ற முடிவோடும், கணவர், “இவளிடம் சொல்லிப் பயனில்லை” என்ற முடிவோடும் தூங்குகிறார்கள்.

போடன்மான் குழு தம்பதிகளுக்குக் கற்றுத்தரும் பயிற்சியில் இதற்கென ஒரு முறை இருக்கிறது. மூன்று கட்டம் கொண்டது. முதல் கட்டம் சுமார் அரைமணி நேரம், அடுத்த இரண்டும் பத்துப் பத்து நிமிடம். பயிற்சியின்போது அருகில் ஒருவர் அமர்ந்து, வழுக்கும் இடத்தில் மெல்லத் திருத்துவார். முதல் கட்டத்தில் நெருக்கடிப்பட்டவர் மட்டும் பேசுவார். கேட்பவர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது, “நீங்க ஏன் அப்பவே பார்க்கல” என்று விசாரிக்கவும் கூடாது. அவருக்கு இரண்டு வேலைதான். கேட்டதைச் சுருக்கித் திருப்பிச் சொல்வது ஒன்று. அந்தச் சம்பவத்தில் எது அவரை அவ்வளவு தைத்தது என்று விடை திறந்திருக்கும்படி கேட்பது மற்றொன்று. மேலே அகன்று அடியில் ஒடுங்கும் புனலைப் போலப் பேச்சு சம்பவத்தில் தொடங்கி உணர்ச்சிக்கு இறங்கி, அதற்கும் கீழே அந்த மனிதருக்கு அது ஏன் இவ்வளவு முக்கியம் என்ற இடத்துக்குப் போக வேண்டும் என்பதால் இதைப் புனல் முறை என்கிறார்கள்.

அதே வீட்டில் மறுநாள், பையன் தூங்கியபின், இது இப்படிப் போகலாம்.

“அளவுச் சீட்டு மாறிப்போனதுல லாட் நின்னுபோச்சு. சரிங்க. அதுல உங்களுக்கு எது ரொம்ப உறுத்துது?”

“உறுத்தல்னு இல்ல. ஜிஎம் கூப்பிட்டுக் கத்தினாரு.”

“தனியாவா கூப்பிட்டாரு?”

“எங்க? லைன்லயே வச்சுத்தான். நான் வேலைக்குச் சேர்த்துவிட்ட பசங்க எல்லாம் பார்த்துட்டு இருந்தாங்க. ‘உங்களை எதுக்கு வச்சிருக்கோம்’னாரு.”

“பசங்க முன்னாடி அப்படிச் சொன்னது தாங்க முடியல.”

“அதில்ல.” கொஞ்ச நேரம் மௌனம். “அவரு கேட்டது நெசந்தானோன்னு தோணிப்போச்சு. புதுசா வந்தவன் கம்ப்யூட்டர்ல எல்லாம் பார்த்துக்கறான். இந்த வயசுல வெளிய போனா யார் எடுப்பா?”

அடியில் இருந்தது இதுதான். நிறுத்தப்பட்ட லாட் அல்ல, திட்டு வாங்கிய அவமானம்கூட அல்ல, தான் தேவைப்படாதவன் ஆகிவிட்டோமோ என்ற பயம். முந்தின நாள் இரவு மனைவி சொன்ன “வேற எடம் பாருங்க” நேராகப் போய் அந்தப் பயத்தின் மீதே விழுந்தது என்பது இப்போது தெரிகிறது. இறங்கிய ஆழத்துக்கு ஏற்ற உதவிதான் போய்ச் சேரும். சம்பவத்தின் மட்டத்தில் நின்றுகொண்டு சொல்லும் யோசனை, எவ்வளவு சரியாக இருந்தாலும், வேறு யாருக்கோ சொன்னது போலாகிவிடும். ‘அதில்ல’ என்ற அந்த ஒரு சொல் இங்கே நல்ல அறிகுறி. கேட்பவரின் சுருக்கம் பொருந்தவில்லை, பேசுபவர் இன்னும் உள்ளே தேடுகிறார் என்பதைக் காட்டுகிறது. அதை மறுப்பாக எடுத்துக்கொண்டு கோபித்தால் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாம் கட்டத்தில்தான் கேட்டவர் ஆதரவு தர வேண்டும். மனைவி என்ன சொல்வார் என்பது அவருக்கே உரியது. ஒருவேளை, நாலு வருஷம் முன்பு கொரோனா முடிந்து கம்பெனி திறந்தபோது, ஊருக்குப் போன பசங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு லைனை ஓடவைத்தது யார் என்று நினைவுபடுத்துவார். ஒருவேளை ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வழி தேடும் உதவியும் இப்போது வரலாம், ஆனால் உணர்ச்சிக்குரிய ஆதரவுக்குப் பிறகு. அந்தக் கம்ப்யூட்டர் வேலையைச் சனிக்கிழமைகளில் கற்றுக்கொள்ள முடியுமா என்று இருவருமாக யோசிக்கலாம், அந்தச் சனிக்கிழமைகளில் பையனை டியூஷனுக்குக் கூட்டிப்போவதை மனைவி எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் கட்டத்தைப் பலரும் தேவையற்றது என்று நினைப்பார்கள். உதவி பெற்றவர், எது உதவியது, எது உதவவில்லை, இன்னும் என்ன கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் கணவன் மனைவிக்கு நன்றி சொல்வதே கூச்சம், இதில் மதிப்பீடு வேறா என்று தோன்றும். ஆனால் ‘துணை எனக்கு என்ன செய்கிறார் என்று நான் உணர்வது’தான் திருப்தியோடு ஒட்டியிருந்தது என்று பார்த்தோம். அந்த உணர்வு உருவாகிற இடமும், கொடுத்தவருக்கு அது போய்ச் சேர்ந்தது என்று தெரிகிற இடமும் இந்தப் பத்து நிமிடம்தான். “அந்த கொரோனா நேரத்தைச் சொன்ன பாரு, அது நல்லா இருந்துச்சு” என்ற ஒரு வாக்கியம், அடுத்த முறை மனைவி எங்கே தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறது. யூகத்தில் உதவிக்கொண்டே பத்து வருஷம் ஓட்டுவதை இது தவிர்க்கும்.

முக்கியமான நிபந்தனை ஒன்று: இது வெளியிலிருந்து வந்த நெருக்கடிக்கு மட்டும். மாமியாரிடம் கணவர் நடந்துகொண்ட விதமோ, மனைவி கேட்காமல் கொடுத்த கடனோதான் பிரச்சினை என்றால், கேட்பவரே குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிவிடுகிறார், அவரால் ஆழமாகக் கேட்க முடியாது. பேச்சு “நீ எப்பவுமே...” என்று திரும்பிய கணம் இது வேறு பேச்சு ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டு நிறுத்திவிட வேண்டும். துணையிடம் பயம் இருக்கும் வீட்டிலும், அடி இருக்கும் வீட்டிலும் இந்த முறைக்கு இடமே இல்லை. அங்கே மனம் திறப்பது ஆபத்து.

உதவி கண்ணுக்குத் தெரிந்தால் நல்லதா என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நியூயார்க்கில் வழக்கறிஞர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைகளையும் நியால் போல்ஜர் குழு தினமும் குறிப்பு எழுதவைத்தது. 2000இல் வெளியான அதன் முடிவு பலரைத் திகைக்கவைத்தது. ‘இன்று எனக்கு ஆதரவு கிடைத்தது’ என்று தேர்வர் எழுதிய நாளுக்குப் பிறகு அவர் மனச்சோர்வு கூடியது. துணை உதவியதாக எழுதி, தேர்வர் அதைக் கவனிக்காத நாளுக்குப் பிறகோ சோர்வு குறைந்தது. ‘நீ தடுமாறுகிறாய், அதனால்தான் தாங்குகிறேன்’ என்று உதவியே சொல்லிவிடுகிறது போலும். சத்தமில்லாமல் பாத்திரம் கழுவிவைப்பதில் அந்தச் செய்தி இல்லை.

அப்படியானால் மூன்றாம் கட்டம் வேண்டாமா? இதே துறையில் 2008இல் மார்சி கிளீசனும் போல்ஜர் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்க்க உதவுகிறது. ஆதரவு பெற்ற நாள்களில் மனநிலை கொஞ்சம் தாழ்ந்தது, ஆனால் துணையோடு நெருக்கம் கூடியது. ஒரே உதவி அன்றைய மனத்துக்குச் சுமையாகவும் உறவுக்கு வரவாகவும் இருக்க முடியும். நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: நாளை காலை தேர்வோ நேர்முகமோ இருக்கும்போது, கேட்காமல், காட்டாமல் செய்வது நல்லது. சம்பவம் முடிந்து அது மனத்தில் தங்கிவிட்டபோது, வெளிப்படையாக உட்கார்ந்து பேசுவது நல்லது. திருப்பூர் வீட்டில் ஷிப்மெண்ட் மறுபடி போகும் அந்த இரவு, மனைவி புனலை எடுக்க வேண்டியதில்லை. சாப்பாட்டை எடுத்துவைத்துவிட்டுப் பையனை அடுத்த அறைக்கு அனுப்பினால் போதும்.

ஆண்களுக்கு இந்தத் திறமை குறைவு என்பது பொதுவான நம்பிக்கை. நெஃபும் கார்னியும் 2005இல் சோதித்தபோது அப்படி இல்லை. ஆதரவு தரும் திறமையில் கணவரும் மனைவியரும் சமமாகவே இருந்தார்கள். வேறுபாடு நேரத்தில் இருந்தது. கணவருக்கு நெருக்கடி கூடிய நாள்களில் மனைவியரின் ஆதரவு கூடியது. மனைவியருக்கு நெருக்கடி கூடிய நாள்களில் கணவரின் ஆதரவோடு எரிச்சலும் குறைசொல்லலும் கலந்து வந்தன. போடன்மான் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வகச் சோதனையும் பக்கத்தில்தான் வந்து நின்றது. நெருக்கடியில்லாத ஆண்கள் பெண்களுக்கு இணையாக ஆதரவு தந்தார்கள். தாங்களும் நெருக்கடியில் இருந்தபோது, துணை உணர்ச்சியைக் கொட்டினால், அவர்களுடைய ஆதரவின் தரம் இறங்கியது. இருவருமே வேலைக்குப் போகும் வீடுகளுக்கு இது நேரடியான செய்தி. மனைவிக்கும் பள்ளியில் தேர்வுத்தாள் குவிந்திருக்கும் வாரத்தில், இருவரும் ஒரே இரவில் கொட்டக் கூடாது. பயிற்சியிலும் ஒருவர் முறை முடிந்த பிறகே இன்னொருவர் முறை. வழக்கமாக மனைவிதான் முதலில் கேட்பவராக இருந்து, அவருடைய முறை வராமலே போகிறது. அந்த வரிசையைக் கணக்கு வைத்துக்கொள்வது கணவரின் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதன் எல்லைகளையும் சொல்ல வேண்டும். 0.45 என்பது இரண்டும் சேர்ந்து போகின்றன என்கிறது. எது எதை இழுக்கிறது என்று அந்த எண் சொல்லாது. திருப்தியாக இருப்பவர் துணையின் சிறு உதவியையும் தாராளமாகப் பார்ப்பார். இந்த ஐயத்துக்குப் பதில் தேடித்தான் போடன்மான் 90 சுவிஸ் தம்பதிகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார், அங்கும் சமாளிப்பும் மணவாழ்வின் தரமும் தொடர்ந்து பிணைந்தே இருந்தன. பயிற்சி பெற்றவர்களைப் பெறாதவர்களோடு ஒப்பிட்ட சோதனைகளிலும் பலன் தெரிந்தது, ஆனால் காலம் போகப்போக அது குறைந்தது. மேலும், ஆய்வுகளில் பெரும்பகுதி மேற்கத்தியத் தம்பதிகளைப் பற்றியவை. 2016இல் 35 நாடுகளில் ஏறக்குறைய எட்டாயிரம் பேரிடம் கேட்டபோது எல்லா நாட்டிலும் தொடர்பு இருந்தது, அளவு மட்டும் நாட்டுக்கு நாடு மாறியது.

அதைவிடப் பெரிய எல்லை, நெருக்கடியின் அளவு. நெஃபும் எலிசபெத் பிராடியும் 2011இல் கண்டது இது: மணமான தொடக்கத்தில் மிதமான நெருக்கடியைச் சந்தித்து, அதைக் கையாளும் திறமையும் இருந்த தம்பதிகள், பின்னால் குழந்தை பிறந்தபோது, தொடக்கத்தில் நெருக்கடியே காணாதவர்களைவிடத் திடமாக நின்றார்கள். மிதமான என்ற சொல்லில் எல்லாம் இருக்கிறது. வாரத்துக்கு ஏழு நாளும் ஷிப்ட், கந்துவட்டி, மழை வந்தால் ஒழுகும் வாடகை வீடு என்று இருப்பவர்களிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள் என்பது நியாயமில்லை. அவர்களுக்கு அந்த அரைமணியே இல்லை. கார்னி பல ஆண்டுகளாக எழுதிவருவதும் இதைத்தான்: வருமானம் குறைந்த தம்பதிகளுக்குப் பேச்சுத் திறமை குறைவு என்று அரசுகள் பாடம் நடத்துகின்றன, அவர்களுக்குக் குறைவாக இருப்பது நேரமும் பணமும் உறுதியான வேலை நேரமும்தான். ஜிஎம் திட்டுவதற்கு ஆளைத் தனியறைக்குக் கூப்பிட்டிருந்தால், அந்த வீட்டில் புனலின் பாதி வேலை குறைந்திருக்கும். அதைக் கம்பெனிதான் செய்ய முடியும்.